100 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் பேட்டரிக்கு எவ்வளவு திரும்பும்?

"அண்ணே, எலக்ட்ரிக் கார் வாங்கியிருக்கேன், 30 யூனிட் பேட்டரி. மதுரை டவுனுக்குள்ள ஓட்டினா சார்ஜ் நல்லா நிக்குது. திருச்சி ரோட்டுல 100-ல போனா கடகடன்னு இறங்குது. வேகம் கூடக்கூட பிரேக்ல திரும்பி வர்றதும் கூடும்னுதானே சொல்றாங்க? 100-ல இருந்து பிரேக் பிடிச்சா உண்மையில எவ்வளவு திரும்பும்?"

தம்பி, முதலில் நேரடிப் பதில். உங்கள் காரின் எடை ஆளோடு சேர்த்து சுமார் 1500 கிலோ என்று வைத்துக்கொண்டால், 100 கி.மீ. வேகத்திலிருந்து நிதானமாக வேகத்தைக் குறைத்து நிறுத்தும்போது பேட்டரிக்குத் திரும்புவது ஏறக்குறைய 100 வாட்ஹவர். ஒரு யூனிட் என்பது 1000 வாட்ஹவர். அதாவது திரும்புவது ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. உங்கள் 30 யூனிட் பேட்டரியில் அது அரை சதவீதம்கூட இல்லை, மூன்றில் ஒரு சதவீதம்தான். அதே 100-இல் தொடர்ந்து ஓட்டினால் அந்த ஆற்றல் உங்களை 600 மீட்டர் சொச்சம் கொண்டுபோகும், அவ்வளவுதான்.

வேகம் கூடக்கூட திரும்புவதும் கூடும் என்று உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஒரு தடவை பிரேக் பிடிப்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் அது உண்மைதான். ஆனால் அந்த ஒரு தடவையில் எவ்வளவு, அந்த வேகத்தில் ஒரு கிலோமீட்டர் ஓட எவ்வளவு, இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் திருச்சி ரோட்டில் நடப்பது புரியும். அதனால் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் போடுவோம்.

ஓடும் வண்டியில் இருக்கும் இயக்க ஆற்றல் எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும், பள்ளியில் படித்ததுதான். வேகத்தை கி.மீ. கணக்கிலேயே போட்டு நேராக வாட்ஹவராக எடுக்க இப்படி வைத்துக்கொள்ளலாம்:

```
E = m × v² ÷ 93300
```

இதில் m என்பது கிலோவில் எடை, v என்பது மணிக்கு கி.மீ. வேகம், E வாட்ஹவர். உங்கள் 1500 கிலோ காருக்குப் போட்டுப் பாருங்கள். 20 கி.மீ. வேகத்தில் வெறும் 6 வாட்ஹவர் சொச்சம். 40-இல் 26. 60-இல் 58. 80-இல் 103. 100-இல் 161. சக்கரமும் மோட்டாரின் சுழலும் பகுதியும் சுற்றுவதில் இன்னும் கொஞ்சம் ஆற்றல் இருக்கும், இரண்டு மூன்று சதவீதம் கூடலாம், இந்தக் கணக்குக்கு அதை விட்டுவிடலாம்.

இதில் ஒரு இடத்தில் நின்று கவனியுங்கள். 80-இல் போய்க்கொண்டிருக்கிறீர்கள், முன்னால் போகும் பஸ்ஸை முந்துவதற்காக 100-க்கு ஏற்றுகிறீர்கள். மீட்டரில் 20 தான் கூடியது, ஆனால் அந்த 20-க்கு மட்டும் வண்டிக்குள் போன ஆற்றல் 58 வாட்ஹவர். நின்ற இடத்திலிருந்து 60 வரை போகத் தேவைப்பட்ட மொத்தமும் அதே 58 தான். வர்க்கம் என்றால் இதுதான் விஷயம், மேல் வேகத்தில் ஒவ்வொரு 10 கி.மீ.க்கும் விலை ஏறிக்கொண்டே போகிறது. பிரேக் பிடிக்கும்போதும் இதே கதைதான் தலைகீழாக நடக்கும். 100-இலிருந்து 80-க்கு இறங்கும் அந்தச் சில விநாடிகளில் வெளியே வருவது, 60-இலிருந்து முழுசாக நிற்கும்வரை வருவதற்குச் சமம்.

சரி, 161 இருக்கிறது, திரும்பியது 100 சொச்சம்தான் என்றேன். மீதி எங்கே போனது? சிட்டம்பட்டி டோல்கேட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மேலூருக்கு முன்னால் தூரத்தில் டோல் தெரிகிறது, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறீர்கள், பிரேக்கைத் தொடவே இல்லை, மோட்டாரையே ஜெனரேட்டராகச் சுற்றவைத்து ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பும் ரீஜென் மட்டும் வண்டியை மெதுவாக இழுத்துப் பிடிக்கிறது. விநாடிக்கு 3.6 கி.மீ. வீதம் வேகம் குறைகிறது என்று வைத்தால் நிற்க 28 விநாடி ஆகும், 386 மீட்டர் ஓடியிருப்பீர்கள். நடைமுறையில் நம் ஆட்கள் டோல் வரிசைக்கு ரொம்பப் பக்கத்தில் போய்த்தான் பிரேக்கை மிதிப்பார்கள், அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

அந்த 386 மீட்டரும் காற்று வண்டியை எதிர்த்துக்கொண்டேதான் இருக்கிறது, டயரும் ரோட்டில் நசுங்கி நசுங்கி உருள்கிறது. ஒரு சாதாரணக் காம்பாக்ட் எஸ்யூவியின் வடிவத்துக்குக் கணக்குப் போட்டால் காற்று சுமார் 18 வாட்ஹவர், டயர் சுமார் 16 வாட்ஹவர் எடுத்துக்கொள்ளும். இது வீண் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், அந்த 386 மீட்டரை நீங்கள் எப்படியும் கடந்தாக வேண்டும், அதற்கான செலவை பேட்டரிக்குப் பதிலாக வண்டியின் ஓட்டமே கொடுத்துவிட்டது. ஆனாலும் மோட்டாரிடம் போய்ச் சேருவது 127 தான். கடைசி 10 கி.மீ. வேகத்தில் மோட்டார் ரொம்ப மெதுவாகச் சுற்றுவதால் அதிலிருந்து உருப்படியாக எதுவும் எடுக்க முடியாது, பெரும்பாலான கார்களில் அந்த இடத்தில் ரீஜென் தேய்ந்து மறைந்து சாதாரண பிரேக்கிடம் வேலையை விட்டுவிடும். அதில் போவது ஒன்றரை வாட்ஹவர்தான், வர்க்கக் கணக்கு இங்கே நமக்குச் சாதகமாக இருக்கிறது. ஆக 125.

இந்த 125 சக்கரத்திலிருந்து பேட்டரி வரை நாலு கை மாறிப் போக வேண்டும். முதலில் கியர், அதில் 3 சதவீதம் எண்ணெயிலும் உராய்விலும் சூடாகப் போகும், 121 மிஞ்சும். அடுத்து மோட்டார், இப்போது அது ஜெனரேட்டராக வேலை செய்கிறது, செப்புக் கம்பியிலும் இரும்பிலும் சேர்ந்து 9 சதவீதம் என்று வைப்போம், 110. பிறகு இன்வெர்ட்டர், மோட்டாரிலிருந்து வரும் ஏசியை டிசியாக மாற்றுவதில் 3 சதவீதம், 107. கடைசியில் பேட்டரிக்குள் ஏறும்போது அதன் உள்தடை கொஞ்சம் சாப்பிடும், 104. நான் ஆரம்பத்தில் சொன்ன 100 சொச்சம் இப்படித்தான் வந்தது. இந்தச் சதவீதங்கள் காருக்குக் கார் கொஞ்சம் மாறும், மோட்டார் எந்த வேகத்தில் எவ்வளவு பளுவில் சுற்றுகிறது என்பதைப் பொறுத்தும் மாறும், ஆனால் சக்கரத்திலிருந்து பேட்டரிக்கு 80-இலிருந்து 85 சதவீதம் என்பது நல்ல காரில் நியாயமான எண்.

இதோடு கணக்கு முடியவில்லை. அந்த 161-ஐ முதலில் வண்டிக்குள் ஏற்றும்போதும் இதே நாலு கையைக் கடந்துதான் வந்திருக்கிறது, ஆக பேட்டரி கொடுத்தது 190 அளவில் இருக்கும். 190 வெளியே போய் 104 உள்ளே வந்திருக்கிறது, பாதிக்குக் கொஞ்சம் மேல். அந்த 104-ஐ மறுபடி வண்டியை ஓட்ட எடுத்தால் சக்கரத்துக்குப் போவது 87. அதனால் யாராவது ரீஜென் 70 சதவீதம் திருப்பித் தருகிறது, 90 சதவீதம் தருகிறது என்று சொன்னால், எதிலிருந்து எதுவரை என்று கேளுங்கள். மோட்டார் தண்டிலிருந்து இன்வெர்ட்டர் வரை மட்டும் எடுத்தால் 90 கிட்ட வரும். வண்டியின் ஓட்டத்திலிருந்து திரும்ப வண்டியின் ஓட்டம் வரை எடுத்தால் பாதியைத் தாண்டினாலே நல்லது.

இப்போது டோல் வரிசைக்குப் பக்கத்தில் போய் மிதிக்கிற கதை. திடீரென்று ஒரு மாடு குறுக்கே வந்தால் நீங்கள் மிதிக்கும் மிதிக்கு வண்டி 5 விநாடிக்குள் நிற்க வேண்டும். 161 வாட்ஹவரை 5 விநாடிக்குள் எடுக்க வேண்டும் என்றால் சராசரியாக 116 கிலோவாட், மிதித்த முதல் கணத்தில் 232 கிலோவாட் வரை. இந்த அளவுக் காரில் ரீஜென் வாங்கிக்கொள்ளும் உச்சம் பெரும்பாலும் 30, 40 கிலோவாட் அளவில்தான் வைத்திருப்பார்கள், பேட்டரிக்குள் அதற்கு மேல் தள்ளினால் செல்லுக்கு நல்லதில்லை. ஆக மீதி முழுவதும் டிஸ்க்கிலும் பேடிலும் சூடாகத்தான் போகும். 30 கிலோவாட் வாங்கும் காரில் அந்த 5 விநாடியில் பேட்டரிக்கு 30 வாட்ஹவர் வந்தாலே அதிகம். ஏபிஎஸ் வேலை செய்ய ஆரம்பித்தால் பெரும்பாலான கார்களில் ரீஜெனைக் குறைத்துவிடும் அல்லது விட்டுவிடும், அப்போது அதுவும் இல்லை. அதே வண்டி, அதே 100, அதே 161. நிதானமாக நிறுத்தினால் 104, இடித்துப் பிடித்தால் 30 அல்லது அதற்கும் கீழே. ஆபத்து என்றால் யோசிக்காமல் மிதியுங்கள், அதில் மாற்றுக் கருத்தே இல்லை, நான் சொல்வது முன்கூட்டியே தெரிந்த டோலையும் சிக்னலையும் பற்றித்தான்.

கிலோவாட் உச்சம் இருப்பதால் இன்னொன்றும் நடக்கும், புதிதாக ஓட்டுபவர்கள் இதைக் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். ஹைவேயில் 100-இல் காலை எடுத்தால் ரீஜென் சோம்பலாக இழுக்கும், ரீஜென் எவ்வளவு இழுக்க வேண்டும் என்று காரில் வைக்கும் லெவலை மாற்றாமலேயே டவுனில் 40-இல் காலை எடுத்தால் ஆளை முன்னால் தள்ளுகிற மாதிரி இழுக்கும். காரணம், கிலோவாட் என்பது இழுக்கும் விசையை வண்டியின் வேகத்தால் பெருக்குவது. 100-இல் 30 கிலோவாட் என்றால் இழுக்கும் விசை சுமார் 1080 நியூட்டன்தான். 40-இல் அதே 30 கிலோவாட்டுக்கு 2700 நியூட்டன் கிடைக்கும். அவ்வளவு வேண்டாம் என்று காரின் மென்பொருளே அதை ஓரளவுக்கு அமுக்கி வைத்திருக்கும், இருந்தாலும் வித்தியாசம் காலில் தெரியும். மோட்டார் சரியாகத்தான் இருக்கிறது, சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டாம்.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருவோம், டவுனில் நிற்கிற சார்ஜ் திருச்சி ரோட்டில் ஏன் நிற்கவில்லை.

சமதளத்தில் நிலையாக 100-இல் ஓடினால் காற்றும் டயரும் சேர்ந்து சக்கரத்தில் கிலோமீட்டருக்கு 133 வாட்ஹவர் கேட்கும், இதில் காற்றின் பங்கு மட்டும் 92. பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டியது 156. ஏசிக்கு ஒரு கிலோவாட் என்று வைத்தால் இன்னொரு 10, ஆக 166. மாட்டுத்தாவணியிலிருந்து திருச்சிக்கு சுமார் 130 கி.மீ. என்றால் இருபத்தொன்றரை யூனிட் போச்சு. இந்த வழியில் எத்தனை தடவை முழுசாக நிறுத்தப்போகிறீர்கள்? இரண்டு டோல், ஒரு டீ, ரோட்டுக்குக் குறுக்கே கடக்கும் ஆட்களுக்காக அங்கங்கே. தாராளமாகப் பத்து தடவை 100-இலிருந்து பூஜ்யம் வரை நிறுத்தியதாகவே வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் பத்து தடவையும் நான் சொன்ன மாதிரி நிதானமாக. திரும்பி வருவது மொத்தம் ஒரு யூனிட். செலவழித்ததில் 5 சதவீதம்கூட இல்லை.

காற்றை விரட்டுவதற்குச் செலவழித்தது எந்தப் பிரேக்காலும் திரும்பாது என்பதுதான் இதில் அடிப்படையான விஷயம். வண்டி ஒதுக்கித் தள்ளிய காற்று சுழன்று சூடாகிப் போய்விட்டது, அது உங்கள் வண்டியின் ஓட்டத்தில் சேமிக்கப்படவே இல்லை. இயக்க ஆற்றலாக வண்டியில் நிற்பது மட்டும்தான் திரும்பி வரத் தகுதியானது. ஹைவேயில் பேட்டரியிலிருந்து போகும் ஒவ்வொரு 100 வாட்ஹவரிலும் மிகச் சிறிய பகுதிதான் அப்படி நிற்கிறது, மீதி உடனுக்குடன் போய்க்கொண்டே இருக்கிறது.

டவுனில் நிலைமை வேறு. பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து சிம்மக்கல், கோரிப்பாளையம், தல்லாகுளம் வழியாக மாட்டுத்தாவணி போகிறீர்கள் என்று வையுங்கள். அதிகபட்சம் 40, கிலோமீட்டருக்கு இரண்டு தடவை முழுசாக நிற்க வேண்டியிருக்கிறது என்று கணக்குக்கு எடுப்போம், நெரிசல் நேரத்தில் இதைவிட அதிகமாகவே இருக்கும். ஒவ்வொரு தடவை 40-க்கு ஏற்றவும் 26 வாட்ஹவர், இரண்டுக்கு 51 சொச்சம். டயருக்கும் காற்றுக்கும் 43. சக்கரத்தில் 94, பேட்டரியிலிருந்து 115. இப்போது திரும்பி வருவது: ஒவ்வொரு நிறுத்தத்திலும் 26-இல் மூன்று டயரும் காற்றும், ஒன்றரை அந்தக் கடைசி மெதுவான பகுதி, மீதியில் குறைந்த பளுவில் மோட்டாரின் திறன் கொஞ்சம் கம்மி என்பதால் 80 சதவீதம் என்று போட்டால் 17. இரண்டுக்கு 34. ஓட்டத்துக்குச் செலவழித்த 115-இல் 34 திரும்பி வந்துவிட்டது, 30 சதவீதம். நிகரச் செலவு கிலோமீட்டருக்கு 81.

இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். ரீஜெனே இல்லாமல் இருந்தாலும், ஏசியைச் சேர்க்காமல், டவுனில் 115, ஹைவேயில் 156. அந்த வித்தியாசம் காற்றினால் வந்தது. ரீஜென் அந்த 115-ஐ 81 ஆக்குகிறது, 156-ஐ ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுகிறது. ஒரு தடவை பிரேக் பிடித்தால் 17 மட்டுமே தரும் டவுன்தான், 104 தரும் ஹைவேயைவிட உங்களுக்கு அதிகம் திருப்பித் தருகிறது, ஏனென்றால் அது ஒவ்வொரு அரைக் கிலோமீட்டருக்கும் தருகிறது. அதே நேரம் ஏசியை மறந்துவிடாதீர்கள், டவுனில் சராசரி வேகம் 20 தான் வரும், அப்போது அதே ஒரு கிலோவாட் ஏசி கிலோமீட்டருக்கு 50 வாட்ஹவர் ஆகிவிடும். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் நெரிசலில் நின்றால் ஏசி எடுப்பது, 100-இலிருந்து பத்து தடவை நிறுத்தித் திரும்பப் பெறும் அளவு.

அப்படியானால் திருச்சி ரோட்டில் என்ன செய்யலாம்? ரீஜெனை வைத்துப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, வேகத்தை வைத்துத்தான் செய்ய முடியும். 100-க்குப் பதில் 80 என்றால் ஏசியோடு சேர்த்து கிலோமீட்டருக்கு 130 வாட்ஹவர் ஆகும். 130 கி.மீ.க்கு 17 யூனிட். 100-இல் இருபத்தொன்றரை. நாலரை யூனிட் மிச்சம், கூடுதலாக ஆகும் நேரம் 20 நிமிடம். அந்தப் பத்து நிறுத்தங்களும் சேர்ந்து கொடுத்த ஒரு யூனிட்டோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். நடுவில் சார்ஜ் போட நிற்க வேண்டியதில்லை என்றால் அந்த 20 நிமிடமும் பெரும்பாலும் கணக்கில் சரியாகிவிடும்.

ரீஜென் லெவலைப் பற்றி நிறையப் பேர் தப்பாக நினைக்கிறார்கள், உச்ச லெவலில் வைத்தால் எப்போதும் அதிகம் சேமிக்கும் என்று. டவுனில் அது சரி, எப்படியும் நிற்கத்தான் போகிறீர்கள், அந்த நிறுத்தத்தை டிஸ்க்குக்குப் பதில் மோட்டார் செய்வது லாபம். ஹைவேயில் அப்படி இல்லை. உச்ச லெவலில் வைத்துவிட்டு காலைக் கொஞ்சம் தளர்த்தினாலே வண்டி 100-இலிருந்து 90-க்கு இறங்கிவிடும், உடனே மறுபடி 100-க்கு ஏற்றுவீர்கள். அந்த 10 கி.மீ. வேக வித்தியாசத்தில் 31 வாட்ஹவர் இருக்கிறது, அதில் 20 சொச்சம் மோட்டார் வழியாகப் பேட்டரிக்குப் போய்த் திரும்பி வருகிறது, போய் வரும் வழியில் 6, 7 வாட்ஹவர் சூடாகப் போய்விடுகிறது. கிலோமீட்டருக்கு ஒரு தடவை இப்படிச் செய்தால் திருச்சி போய்ச் சேருவதற்குள் முக்கால் யூனிட்டுக்கு மேல் ஒன்றுமில்லாமல் போயிருக்கும். ஹைவேயில் லெவலைக் குறைத்து வைத்து, காலை எடுத்தால் வண்டி தானாக உருண்டு போகிற மாதிரி விட்டுவிடுவதுதான் நல்லது. பேட்டரிக்குப் போய்த் திரும்பாமல் வண்டியிலேயே இருக்கிற ஆற்றலில் நாலு கை மாறும் நஷ்டம் கிடையாது. டோல் தெரிந்ததும் லெவலை ஏற்றிக்கொள்ளலாம்.

ரீஜென் வேலை செய்யாத நேரங்களை எப்படித் தெரிந்துகொள்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பாதுகாப்பு விஷயம். முதலாவது, பேட்டரி 100 சதவீதம் நிறைந்திருக்கும்போது. உள்ளே இடமில்லை, அதனால் கார் ரீஜெனைக் குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும். வீட்டில் இரவு முழுக்க சார்ஜ் போட்டு காலையில் எடுத்த உடனே காலை எடுத்தால் வண்டி வழக்கமாக இழுப்பது போல் இழுக்காமல் வழுக்கிக்கொண்டு போகும், டேஷ்போர்டில் ரீஜென் பட்டை ஏறாது. தினமும் உச்ச லெவலில் ஓட்டிக் காலைப் பழக்கியவருக்கு அன்று காலை முதல் சிக்னலில் வண்டி நிற்கும் தூரம் கூடிவிட்டது போல் இருக்கும். பிரேக் சரியாகத்தான் இருக்கிறது, மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டாவது, வேகத்தடை அல்லது பள்ளம். ரீஜென் இழுத்துக்கொண்டிருக்கும்போது சக்கரம் ஒரு கணம் ரோட்டைப் பிடிக்காமல் தூக்கினால், வழுக்குகிறது என்று நினைத்து கார் ரீஜெனைச் சட்டென்று விட்டுவிடும், வண்டி முன்னால் பாய்கிற மாதிரி ஒரு உணர்வு வரும். பிரேக் மீது கால் இருந்தால் பயமில்லை. மூன்றாவது, பேட்டரி ரொம்பச் சூடாக இருக்கும்போது, உதாரணத்துக்கு நடு மத்தியானம் ஃபாஸ்ட் சார்ஜ் போட்டுவிட்டு உடனே கிளம்பினால். குளிர் நாடுகளில் குளிர்ந்த பேட்டரிதான் பெரிய தொல்லை, மதுரையில் அந்தக் கவலை நமக்கு இல்லை.

பேட்டரி நிறைந்திருக்கும் அந்த முதல் விஷயம் சமதளத்தில் சின்ன அசௌகரியம், மலையில் அப்படி இல்லை. கொடைக்கானல் போகிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மதுரையில் கார் வைத்திருப்பவர் போகாமல் இருக்கப்போவதில்லை. மேலே இருந்து வத்தலக்குண்டு வரை இறங்கும் உயரம் சுமார் 1800 மீட்டர். 1500 கிலோ வண்டி அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது விடுவிப்பது 7 யூனிட்டுக்கு மேல், 100 கி.மீ. வேகத்தில் ஓடும் அதே வண்டியின் இயக்க ஆற்றலைப் போல 45 மடங்கு. வழியில் டயரும் காற்றும் ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்ளும், மிஞ்சுவதில் மோட்டார் வழியாகப் பேட்டரிக்குள் சுமார் 3 யூனிட் வரும், உங்கள் பேட்டரியில் 10, 11 சதவீதம். இறங்கும்போது வேகம் குறைவு, வண்டியை இழுத்துப் பிடிக்கத் தேவையான கிலோவாட்டும் குறைவு, அதனால் ரீஜென் இதை நிம்மதியாக வாங்கிக்கொள்ளும்.

ஆனால் அந்த 3 யூனிட்டுக்கு உள்ளே இடம் இருக்க வேண்டும். மேலே லாட்ஜில் இரவு 100 வரை ஏற்றிவிட்டு காலையில் இறங்க ஆரம்பித்தால் ரீஜென் இருக்காது, டீசல் காரில் இரண்டாம் கியரில் போட்டால் கிடைக்கிற இன்ஜின் பிரேக்கிங்கும் இந்த வண்டியில் இல்லை, மொத்த ஆற்றலும் நாலு சக்கர பிரேக்கின் தலையில்தான் விழும். பேட் சூடாகிக் கருகிய வாடை வரும், மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போக ஆரம்பிக்கும், அந்த இரண்டில் ஒன்று தெரிந்தாலே ஓரமாக நிறுத்தி பிரேக் ஆறும்வரை காத்திருக்க வேண்டும், சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் மேலே சார்ஜ் போடும்போது 80, 85-இல் நிறுத்திவிடுங்கள், உச்ச ரீஜென் லெவலில் இறங்குங்கள், வத்தலக்குண்டு வந்து பார்த்தால் கிளம்பியபோது இருந்ததைவிடக் கூடவே இருக்கும், அங்கிருந்து மதுரைக்கு அது தாராளம்.